கிட்டத்து வேலை நாள் கணக்கில், தூரத்து வேலை வாரக் கணக்கில்: ரோலிங் வேவ் திட்டமிடல்

வீடு கட்டத் தொடங்கும் பலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "முழு பிளானையும் தேதியோடு எழுதிக் கொடுத்துவிடுவீர்களா?" என்பதுதான். எழுதிக் கொடுக்கலாம். வானம் தோண்டுவதில் தொடங்கி கடைசிக் கோட் பெயின்ட் வரை இருநூறு வரி வந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியும் போடலாம். ஆனால் ஐந்தாம் வாரம் அந்தக் காகிதத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அதில் உள்ள தேதிகள் அதற்குள் பொய்த்திருக்கும். இருநூறு வரியையும் திருத்தி எழுத யாருக்கும் நேரம் இருக்காது.

இதற்கு மாற்றாக உள்ள முறைக்குத்தான் ரோலிங் வேவ் பிளானிங் என்று பெயர். அடுத்த சில வாரங்களின் வேலையை நாள் கணக்கில் விவரமாக எழுத வேண்டும். அதற்கு அப்பால் உள்ளதைப் பெரிய பெரிய கட்டங்களாகத் தோராயமாக வைத்துக்கொள்ள வேண்டும். வேலை நகர நகர, தூரத்தில் இருந்த கட்டம் கிட்டே வரும். அப்போது அதை விவரமாகப் பிரிக்க வேண்டும். கரையை நோக்கி வரும் அலை போல, விவரம் எழுதப்பட்ட பகுதி முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். திட்ட மேலாண்மைப் புத்தகங்களில், விவரமாக எழுதப்பட்டதற்கு வொர்க் பேக்கேஜ் என்றும், தோராயமாக விடப்பட்டதற்குப் பிளானிங் பேக்கேஜ் என்றும் பெயர். இந்த இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. "தூரத்தில் உள்ளதைத் தோராயமாக விடு" என்பதை "தூரத்தில் உள்ளதைப் பற்றி இப்போது யோசிக்காதே" என்று பலர் எடுத்துக்கொள்வதால்தான் சிக்கல் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. வித்தியாசத்தை ஒரு வீட்டை வைத்தே பார்க்கலாம்.

சொந்த மனையில், தரைத்தளம் மட்டும், 1,000 சதுர அடி வீடு. தை மாதக் கடைசியில், அதாவது பிப்ரவரி முதல் வாரத்தில் வேலை தொடங்குகிறது. ஆவணியில் கிரகப்பிரவேசம் வைக்க வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். ஆடியில் வைக்க மாட்டார்கள், புரட்டாசியிலும் வைக்க மாட்டார்கள், ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். ஆக ஆகஸ்ட் கடைசி வரை 30 வாரம் கையில் இருக்கிறது. இந்த எல்லை அசையாதது.

முதலில் 30 வாரத்தையும் நான்கு கட்டமாகப் பிரிக்கிறோம். கடைக்காலும் பேஸ்மட்டமும் 6 வாரம். சுவர் எழுப்பி மேல்தளம் போடுவது 8 வாரம். பூச்சு, பைப், ஒயரிங் 7 வாரம். தரை, மரவேலை, பெயின்ட் 7 வாரம். மொத்தம் 28, மீதி 2 வாரம் கையிருப்பு. முதல் கட்டத்தை மட்டும் விவரமாக எழுதுகிறோம்: மனை அளந்து நூல் கட்ட ஒரு நாள், வானம் தோண்ட மூன்று நாள், ஜல்லி கான்கிரீட் போட ஒரு நாள் என்று. நான் வைத்துக்கொள்ளும் அளவு இதுதான்: ஒரு வரியில் உள்ள வேலையை ஒரே குழு ஐந்து நாளுக்குள் முடிக்க வேண்டும், முடிந்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். "கடைக்கால் வேலை நடக்கிறது" என்ற வரி அப்படிப்பட்டதல்ல. "நான்கு பக்கமும் தோண்டி, ஆழம் அளந்தாயிற்று" என்பது அப்படிப்பட்டது.

மற்ற மூன்று கட்டங்களும் ஒற்றை வரிகள்தான். ஆனால் அந்த ஒற்றை வரிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. கட்டம் முடியும்போது எது கையில் இருக்கும் என்பதை எழுத வேண்டும். எத்தனை வாரம் என்பதை ஒரே எண்ணாக மட்டும் எழுதாமல், குறைந்தது இத்தனை, அதிகம் போனால் இத்தனை என்றும் எழுத வேண்டும். சுவரும் மேல்தளமும் என்ற கட்டத்துக்கு 7 முதல் 10 வாரம். கடைசிக் கட்டத்துக்கு 6 முதல் 10 வாரம். தோராயமான செலவும் வேண்டும், ஏனென்றால் வீட்டுக் கடன் தரும் வங்கி மொத்த எஸ்டிமேட்டைக் கேட்கும்; பேஸ்மட்டம், லிண்டல், கூரை என்று நிலை நிலையாகத்தான் பணத்தையும் விடுவிக்கும். எந்த நம்பிக்கையில் இந்தக் கணக்கைப் போட்டோம் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்: "நான்கடி ஆழத்தில் கெட்டி மண் வரும்", "கோடையில் போர் தண்ணீர் போதும்". கடைசியாக ஒரு கேள்விக்கான பதில். அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: இந்தக் கட்டம் தொடங்குவதற்கு முன்பே நம்மிடம் எதைக் கேட்கும்?

இந்தக் கேள்வியை விட்டதால் கெட்டுப்போன வேலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தரைக்கு டைல்ஸ் போடுவது 22ஆம் வாரத்து வேலை. பிப்ரவரியில் டைல்ஸ் கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் வாசல் நிலையை வைக்கும்போது, முடிந்த தரை எந்த மட்டத்தில் வரும் என்று கொத்தனாருக்குத் தெரிய வேண்டும். டைலும் அதற்கு அடியில் வரும் கலவையும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு அங்குலம். அதைக் கணக்கில் சேர்க்காமல் நிலையை நட்டுவிட்டால், சில மாதம் கழித்துக் கதவின் அடியை அறுக்க வேண்டிவரும். கிரானைட் போடப் போகிறோமா டைல்ஸா, என்ன நிறம், என்ன அளவு என்பதெல்லாம் இன்னும் தோராயமாகவே இருக்கட்டும். தரை மட்டம் என்ற ஒரே ஒரு முடிவை மட்டும் முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும்.

மின்வேலையும் இப்படித்தான். ஒயரிங் மூன்றாம் கட்டத்து வேலை. சுவரில் சுவிட்ச் பெட்டி எங்கே வரும் என்பதைச் சுவர் கட்டிய பிறகு முடிவு செய்து காடி வெட்டிக்கொள்ளலாம். ஆனால் மேல்தளத்தில் மின்விசிறிப் பெட்டி எங்கே, விளக்கு எங்கே, அவற்றுக்கான பைப் எந்த வழியில் ஓடும் என்பதைக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் கொட்டுவதற்கு இடையில் கிடைக்கும் ஓரிரு நாளில் எலக்ட்ரீஷியன் பைப்பைப் புதைத்தாக வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால், பிறகு தளத்துக்கு அடியில் வெளியே தெரியும்படி பைப் ஓட்டுவது ஒன்றுதான் வழி. ஆகவே "ஒயரிங்" என்ற ஒற்றை வரியின் பக்கத்தில் "கூரை பாயின்ட் வரைபடம், தளம் போடுவதற்கு இரண்டு வாரம் முன்பு" என்று எழுதிவைத்திருந்தால், மற்ற விவரம் எதுவும் இல்லாமலேயே அந்த வரி தன் வேலையைச் செய்துவிடும்.

அடுத்த கேள்வி: விவரமாக எழுதும் பகுதி எத்தனை வாரம் நீள வேண்டும்? இதை மனம் போனபடி வைக்கக் கூடாது. ஒரு கணக்கு இருக்கிறது. நம் வீட்டில் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டிய பொருள்களில் அதிக நாள் எடுப்பது மரநிலை. மரம் வாங்கி, இழைத்து, பொருத்தித் தர ஆசாரி நான்கு வாரம் கேட்கிறார். திட்டத்தை எத்தனை நாளுக்கு ஒரு முறை உட்கார்ந்து நகர்த்தப் போகிறோம்? இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விவரப் பகுதி குறைந்தது 4 + 2, அதாவது 6 வாரம் இருக்க வேண்டும். இரண்டையும் ஏன் கூட்ட வேண்டும் என்றால், இன்றைக்கு உட்கார்ந்து ஆறு வாரத்துக்கு எழுதுகிறோம். ஏழாவது வாரத் தொடக்கத்தில் வரும் ஒரு வேலை இன்று கண்ணில் படாது. இரண்டு வாரம் கழித்து உட்காரும்போது கண்ணில் படும். அப்போது அதற்கு இன்னும் சரியாக நான்கு வாரம் மீதி இருக்கும். ஆசாரியிடம் சொல்ல அது போதும். விவரப் பகுதியை நான்கு வாரமாகக் குறைத்திருந்தால், சில நிலைகள் இரண்டே வார அவகாசத்தில்தான் கண்ணில் பட்டிருக்கும். சுவர் நின்றிருக்கும், நிலை வந்திருக்காது.

எங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை வசதியாக இருந்தது. வாரக்கூலி கொடுக்கும் நாள் என்பதால் மேஸ்திரி எப்படியும் இருப்பார், வீட்டாரும் பணத்தோடு வந்திருப்பார்கள். கூலி கொடுத்து முடித்ததும் அரை மணி நேரம். முடிந்த வேலையை அடித்துவிட்டு, விவரப் பகுதியின் கடைசியில் அடுத்த இரண்டு வாரத்தைப் புதிதாகப் பிரித்து எழுதி, தூரத்து வரிகளின் எண்களை ஒரு முறை பார்த்துவிடுவோம். இதைத்தான் உருட்டுவது என்கிறோம். இந்த எழுத்து வேலையை என்ஜினீயர் தனியாக உட்கார்ந்து செய்தால் பயனில்லை. "சென்ட்ரிங் பலகை வேறு சைட்டில் மாட்டியிருக்கிறது, பத்து நாள் ஆகும்" என்ற தகவல் மேஸ்திரியின் வாயிலிருந்துதான் வரும்.

இனி இந்த வீட்டில் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் வாரம் வானம் தோண்டியபோது, வடகிழக்கு மூலையில் நான்கடிக்குக் கீழும் உதிரி மண்ணாகவே வந்தது. எப்போதோ பள்ளமாக இருந்த இடத்தைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். அந்த மூலையில் ஏழடி வரை தோண்டிக் கெட்டி மண்ணைப் பிடித்து, அடியில் கான்கிரீட்டைக் கூட்டிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. முதல் கட்டம் 6 வாரத்துக்குப் பதில் 7 வாரம் ஆகும் என்று அன்றைய சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. கணக்கு: 7 + 8 + 7 + 7 = 29. கையிருப்பு ஒரு வாரமாகக் குறைந்தது. திருத்த வேண்டியிருந்தவை விவரப் பகுதியில் உள்ள சில வரிகளும் தூரத்து வரிகளின் தொடக்க வாரங்களும் மட்டுமே. இருநூறு வரித் திட்டமாக இருந்திருந்தால் அன்றைக்கே அதைக் கைவிட்டிருப்போம்.

ஒரு வாரம் தள்ளிப்போனதற்கு இன்னொரு விளைவும் இருந்தது; அது எட்டாம் வார உருட்டலில்தான் கண்ணில் பட்டது. முதல் கணக்கில் மேல்தளம் ஏப்ரல் கடைசி வாரம் போடுவதாக இருந்தது. இப்போது அது மே தொடக்கத்துக்கு, அக்னி நட்சத்திரம் தொடங்கும் சமயத்துக்கு நகர்ந்திருந்தது. தளம் போட்டபின் தொடர்ந்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்டுக்கு 10 நாள் என்கிறது. இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது கலப்பு சிமென்ட்தான். அந்த வெயிலில் பத்து நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். "போர் தண்ணீர் போதும்" என்று பிப்ரவரியில் எழுதிய வரியைப் பார்த்தோம். அப்போதே போர் விட்டுவிட்டுத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பத்து நாளுக்கு லாரித் தண்ணீர் பேசிவைத்தோம். நம்பிக்கையை எழுதிவைத்திருந்ததால்தான் அது பொய்த்ததை முன்கூட்டிப் பார்க்க முடிந்தது. எழுதாத நம்பிக்கை பொய்க்கும்போது சத்தமே கேட்காது.

அதே உருட்டலில் ஒரு லாபமும் வந்தது. இரண்டாம் கட்டத்தை முழுதாகப் பிரித்தபோது இப்படி நின்றது: லிண்டல் வரை சுவர் 2 வாரம், லிண்டலும் சன்ஷேடும் 1 வாரம், கூரை மட்டம் வரை சுவர் 1 வாரம், சென்ட்ரிங், கம்பி, பைப், கான்கிரீட் சேர்ந்து 2 வாரம், பிறகு முட்டுகள் நிற்கும் 2 வாரம். மொத்தம் 8. தோராயக் கணக்கும் 8தான், மாறவில்லை. ஆனால் அந்தக் கடைசி இரண்டு வாரம் என்பது என்ன? விட்டங்களுக்கு அடியில் கொடுத்த முட்டுகளை 14 நாள் எடுக்கக் கூடாது. வீட்டுக்குள்ளே முட்டுக் கம்புகள் காடாக நிற்கும். பூச்சு வேலை தொடங்க முடியாது. கொத்தனார் குழுவுக்கு உள்ளே வேலை இல்லை. அப்படியானால் மூன்றாம் கட்டத்தில் இருந்த செப்டிக் டேங்கை, வெளியே நடக்கும் வேலையாயிற்றே, இங்கே கொண்டுவரலாம். கொண்டுவந்தோம். மூன்றாம் கட்டம் 7லிருந்து 6 வாரம் ஆயிற்று: 7 + 8 + 6 + 7 = 28. கையிருப்பு மீண்டும் இரண்டு வாரம். "சுவரும் மேல்தளமும், 8 வாரம்" என்ற ஒற்றை வரிக்குள் இப்படி ஒரு வெற்றிடம் இருப்பது பிரித்துப் பார்க்கும்வரை தெரியாது. விவரமாக எழுதுவதன் பயனை நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தில்தான்.

குழுவுக்கு வேலை இல்லாத நாள்களை இவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்குக் காரணம் கூலி மட்டுமல்ல. நான்கு நாள் சும்மா நின்ற கொத்தனார் குழு வேறு சைட்டுக்குப் போய்விடும். போனால் அங்கே முடித்துவிட்டுத்தான் வரும். இந்த முறையில் நேரும் முதல் தவறும் இதுதான்: கையில் உள்ள விவரம் தீரும்வரை அடுத்ததைப் பிரிக்காமல் இருப்பது. இன்னும் இரண்டு வார வேலைதான் விவரமாக எழுதப்பட்டிருக்கிறது என்றால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. பெரிய ஒப்பந்தங்களில் இதை ஒரு விதியாகவே வைத்திருப்பார்கள். ஒரு பிளானிங் பேக்கேஜை வொர்க் பேக்கேஜுகளாகப் பிரிக்காமல் அதில் வேலையைத் தொடங்கவே விட மாட்டார்கள்.

இரண்டாவது தவறு மெல்லத்தான் தெரியவரும். ஒவ்வொரு உருட்டலிலும் முடிவுத் தேதி ஒரு வாரம் நகரும். "அலை அலையாகத்தானே திட்டமிடுகிறோம்" என்ற சமாதானத்தோடு எல்லோரும் எழுந்து போவார்கள். விவரம் நகரலாம், எல்லை நகரக் கூடாது. அதனால் முதல் நாள் போட்ட 6, 8, 7, 7, 2 என்ற வரிசையை அழிக்காமல் நோட்டின் முதல் பக்கத்திலேயே வைத்திருந்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிய எண்கள் அதற்குக் கீழே வரும். ஒரு பார்வையில் கையிருப்பு எப்படிக் கரைந்தது, எப்படிக் கூடியது என்று தெரியும். இதில் இன்னொரு அடையாளமும் தெரியும். தூரத்துக் கட்டத்தின் எண் நான்கைந்து உருட்டலாக மாறாமலே நிற்கிறது என்றால், கணக்கு அவ்வளவு சரியாக இருக்கிறது என்று பொருளல்ல. பெரும்பாலும் யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். எங்கள் நோட்டில் நான்காம் கட்டத்தின் "7" அப்படித்தான் நின்றது.

மூன்றாவது, புதிய ஆசையை விவரம் என்று நினைத்துவிடுவது. ஆறாம் வாரம் வீட்டுக்காரர், "எப்படியும் மேல்தளத்தை இன்னும் பிரித்து எழுதவில்லையே, மாடியில் ஒரு ரூமையும் சேர்த்துவிடலாமே" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கட்டம் முடியும்போது கையில் இருக்கும் என்று நாம் எழுதியது "தரைத்தளக் கூரை". அந்த முடிவு மாறாமல் அதற்கான வழியை எழுதினால் அது விவரம். முடிவே மாறினால் அது புதிய வேலை. மாடி அறை என்றால் கடைக்கால் தாங்குமா என்பதில் தொடங்கி, கடன் தொகை, அனுமதி வரைபடம் எல்லாம் மாறும். தோராயமாக விட்டிருப்பதால் அது காலியாக இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. அதனால்தான் ஒற்றை வரியிலும் முடிவைத் தெளிவாக எழுதச் சொல்கிறேன். எதிரே உட்கார்ந்து அந்த வரியைக் காட்டியதும் அவரே, "சரி, இது அடுத்த வருஷம்" என்றார்.

எல்லா வேலைக்கும் இந்த முறை வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரே வரைபடத்தில் ஐம்பது வீடு கட்டும் நிறுவனத்துக்கு நாற்பதாவது வீட்டில் தெரியாதது அதிகம் இருக்காது. முழு விவரத்தையும் முதல் நாளே எழுதிவிடலாம், முந்தைய வீட்டின் அட்டவணையே கையில் இருக்கும். மறுபக்கம், பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் பூச்சை உடைத்துப் பார்க்கும்வரை சுவரின் நிலை தெரியாது; அங்கே ஆறு வார விவரமே பொய்த்துவிடலாம், இன்னும் சின்ன அலை வேண்டியிருக்கும். எவ்வளவு தெரியும், அது எப்போது தெரியவரும் என்பதைப் பொறுத்து அலையின் நீளம் மாறும்.

இருபதாம் வாரம், அந்த மாறாத "7"ஐ முழுதாகப் பிரித்தோம். பெயின்டரும் டைல்ஸ் குழுவும் ஒரே சமயத்தில் வேலை செய்வார்கள் என்று பிப்ரவரியில் நினைத்திருந்தோம். அறை அறையாக எழுதிப் பார்த்தபோது அது நடக்காது என்று தெரிந்தது. 1,000 சதுர அடியில் ஒரு குழு ஹாலில் இருந்தால் மற்றவருக்கு ஏணி போட இடமில்லை. பட்டி பார்த்து முதல் கோட் அடித்த பிறகு தரை, தரை முடிந்து கடைசிக் கோட் என்று வரிசை மாறியது. 8 வாரம். முதல் பக்கத்தில் கடைசி வரியை எழுதினோம்: 7 + 8 + 6 + 8 = 29. ஒரு வாரம் மீதி. புரோகிதரிடம் நாள் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று கிளம்பிய வீட்டம்மாவிடம் மேஸ்திரி, "ஆவணி பத்துக்கு மேலே பாருங்கம்மா, அதுக்கு முன்னாடி வேண்டாம்" என்றார்.